ஏழும் நூறும் தேய்ந்த கதை: ஒலிமாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரினமாதல், ஒலி நலிவு என்கிறார்களே, இரண்டும் என்ன?

ஓர் ஒலி தன் பக்கத்து ஒலியின் சாயலை ஏற்றுக்கொள்வது ஓரினமாதல். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறது. ம் என்பது உதட்டை மூடிச் சொல்வது, க் என்பது நாக்கின் பின்பகுதியை மேலே தூக்கிச் சொல்வது. அடுத்து வரப்போகும் க்-க்காக நாக்கு முன்கூட்டியே எழும்பிவிடுவதால் மூக்கொலி உதட்டை விட்டு அங்கேயே நகர்ந்து ங் ஆகிவிடுகிறது. இது பாதி ஓரினமாதல். இரண்டு ஒலிகளும் முழுக்க ஒன்றேயாகிவிடுவதும் உண்டு. 'ஒன்று' பேச்சில் 'ஒண்ணு' ஆனது அப்படித்தான். நம் இலக்கண நூல்கள் இவற்றில் பலவற்றைத் 'திரிதல்' என்ற தலைப்பில் வைத்திருக்கின்றன.

ஒலி நலிவு வேறு வகை. இங்கே ஓர் ஒலி தன் வலுவைப் படிப்படியாக இழக்கிறது. முதலில் காற்றை முழுக்க அடைத்து வெடிக்கும் வல்லொலி. அடுத்து, அதே அடைப்பு, ஆனால் குரல்வளை அதிர்வோடு. அப்புறம் அடைப்பே முழுமையாக விழாமல் காற்று உரசிக்கொண்டு போகும். அதன்பின் வெறும் மூச்சாகவோ ய், வ் போன்ற இடையொலியாகவோ மாறும். கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். எல்லா ஒலியும் எல்லாப் படியிலும் கால் வைப்பதில்லை, சில படிகளைத் தாண்டிவிடுவதும் உண்டு. ஆனால் போகும் திசை பெரும்பாலும் இதுதான்.

ஒரு சொல்லை எடுத்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என்ன நடந்தது என்று காட்ட முடியுமா?

ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வோம். சமஸ்கிருதத்தில் ஏழுக்குச் 'சப்த', நூறுக்குச் 'சத'. சப்தஸ்வரம், சதவீதம் என்று தமிழிலும் புழங்குபவைதான். இந்தியில் ஏழு 'சாத்', நூறு 'சௌ'. பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: இரண்டு சொல்லிலும் த் இருந்தது, ஒன்றில் இன்றும் இருக்கிறது, மற்றதில் சுவடே இல்லை. இது தற்செயல் இல்லை. இடையில் நடந்தவற்றை வரிசையாக வைத்தால் இரண்டு முடிவுகளும் ஒரே விதிகளிலிருந்தே வருவது தெரியும்.

முதல் படி ஓரினமாதல். 'சப்த' என்பதில் ப், த் என்று இரண்டு வெவ்வேறு மெய்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பாலியிலும் பிராகிருதங்களிலும் ப் பின்னால் வந்த த்-ஆகவே மாறி 'சத்த' ஆனது. நூறுக்கு இந்த விதியால் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதில் மெய்கள் அடுத்தடுத்து இல்லை. பாலியில் ஏழு 'சத்த', நூறு 'சத' என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டுகளிலும் நூறின் த் இன்னும் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது படி நலிவு. உயிர்களுக்கு நடுவே தனியாக நின்ற வல்லொலிகள் தளர ஆரம்பித்தன. சௌரசேனிப் பிராகிருதத்தில் நூறின் த் அதிர்வு பெற்று, 'பந்து' என்பதில் நாம் சொல்கிறோமே அந்த த் ஆனது. மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் அதுவும் போய்ச் 'சஅ' என்று இரண்டு உயிர்கள் மட்டும் மிஞ்சின. அப்போது ஏழின் த்-க்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அது இரட்டை மெய்யாக இருந்ததால் விதி அதைத் தொடவில்லை.

மூன்றாவது படி பிற்காலத்தது. இரட்டை மெய்கள் ஒற்றையாகி, அந்த இடைவெளியை நிரப்புவதுபோல முன்னால் இருந்த குறில் நெடிலானது. 'சத்த' 'சாத்' ஆனது, சொல்லின் கடைசி உயிரும் உதிர்ந்தது. 'சஅ' என்பதன் ஈற்று உயிர் உகரமாகி, முன்னதோடு கூடிச் 'சௌ' ஆனது.

இதில் முக்கியமான விஷயம் வரிசைதான். இரட்டை ஒற்றையாவது முதலில் நடந்து, நலிவு அதற்குப் பின் வந்திருந்தால் ஏழின் த்-தும் காணாமல் போயிருக்கும். அது பிழைத்திருப்பதே எது முந்தி எது பிந்தி என்பதற்குச் சாட்சி. கதையின் நடுப்பகுதியை இன்றும் காதால் கேட்கலாம் என்பது கூடுதல் வசதி. பஞ்சாபியில் மூன்றாவது படி நடக்கவில்லை, ஏழை அங்கே இன்னும் 'சத்த்' என்றுதான் சொல்கிறார்கள். எட்டிலும் இதே கதை: 'அஷ்ட' பஞ்சாபியில் 'அட்ட்', இந்தியில் 'ஆட்'. முதல் சொல்லை வைத்து ஊகித்ததை இரண்டாவது சொல்லில் சரிபார்க்க முடிகிறது பாருங்கள், வரலாற்று மொழியியல் வேலை செய்யும் முறையே இதுதான்.

'சப்த' ஏன் 'சத்த' ஆக வேண்டும், 'சப்ப' ஆகியிருக்கக் கூடாதா?

காது கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. ப், த், க் போன்ற ஒலிகளை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் அவை திறந்து அடுத்த உயிருக்குள் போகும் கணத்தில். அடைப்பு நேரத்தில் கேட்பது ஏறக்குறைய மௌனம். 'சப்த' என்பதில் ப்-க்கு அந்தத் திறப்பு கிடைப்பதில்லை. உதடு பிரிவதற்குள் நாக்கு த்-க்குப் போய்விடுகிறது, வெளியே கேட்கும் வெடிப்பு த்-உடையது மட்டும். கேட்பவருக்கு நீளமான ஒரு மௌனம், கடைசியில் ஒரு த். அவர் அதை 'த்த' என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜான் ஒஹாலா என்ற ஒலியியல் அறிஞர் 1980களிலிருந்து வலியுறுத்திவந்த கருத்து இது: பல ஒலிமாற்றங்களுக்கு விதை போடுவது சொல்பவர் வாய் இல்லை, கேட்பவர் காது.

ஆனால் பின்னால் நிற்பதுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று இல்லை. 'அக்னி' பிராகிருதத்தில் 'அக்கி' ஆனது, 'அன்னி' ஆகவில்லை. வல்லொலியோடு மூக்கொலி சேரும் இடத்தில் வல்லொலி மேலாதிக்கம் செலுத்துகிறது. இரண்டும் சமவலு உள்ளவையாக இருந்தால் பின்னது, வலு வேறுபட்டால் வலுத்தது. பிராகிருதத்தின் மெய்க்கூட்டங்களில் பெரும்பகுதியை இந்த இரண்டு வரியால் விளக்கிவிடலாம்.

இரட்டை மெய்க்கு மட்டும் என்ன அப்படி ஒரு பாதுகாப்பு?

நேரம். உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் வல்லொலியின் அடைப்பு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் நீடிக்கும். அதற்குள் நாக்கு ஓர் உயிரின் நிலையிலிருந்து எழுந்து, முழுக்க ஒட்டி, மறுபடியும் இறங்க வேண்டும். வேகமாகப் பேசும்போது அது போய்ச் சேர்வதற்கு முன்பே திரும்பிவிடுகிறது, அடைப்பு முழுமையாக விழுவதில்லை. இரண்டு பக்கமும் உயிர் இருப்பதால் குரல்வளையும் அதிர்வதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கச் சிரமப்படாமல் இடையிலும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. இரட்டை மெய்யில் அடைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். நாக்கு போய்ச் சேர நேரம் இருக்கிறது, அதிர்வு நிற்கவும் நேரம் இருக்கிறது.

இதற்குத் தமிழைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடிப் போக வேண்டியதில்லை. 'பக்கம், பங்கு, பகல்' என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் கறாரான க், இரண்டாவதில் அதிர்வுள்ள க், மூன்றாவதில் பலருக்கு ஹ் போல ஒரு உரசல். 'பச்சை, பஞ்சு, பசி' என்பதிலும் 'பத்து, பந்து, பதில்' என்பதிலும் அதே மூன்று படிகள். இந்த வேறுபாடு சூழலை வைத்தே தெரிந்துவிடுவதால் மூன்றுக்கும் ஒரே எழுத்து போதுமானதாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வேற்றுமொழிச் சொற்களை எழுதும்போது அதுவே தலைவலியாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ப் வரிசை இன்னும் சுவாரசியம். எதிர்கால வினைகளைப் பாருங்கள்: 'நடப்பான், உண்பான், வருவான்'. இரட்டையாக இருந்த இடத்தில் ப்ப், மூக்கொலிக்குப் பின் அதிர்வுள்ள ப், உயிருக்குப் பின் வ். உயிர்களுக்கு நடுவே ஒற்றை ப் உள்ள சொற்களைத் தேடினால் 'சபை', 'கபம்', 'அபயம்', 'தபால்' என்று வந்த சொற்களாகவே அகப்படும். அந்த இடத்தில் பழைய ப் முன்பே வ் ஆகிவிட்டிருந்ததுதான் காரணம்.

லத்தீனிலும் இதே பாதுகாப்பைக் காணலாம். அங்கே உயிர்களுக்கு நடுவே இருந்த ஒற்றை ஸ் முதலில் அதிர்வு பெற்று, பின் ர் ஆனது. 'ஃப்ளோஸ்' என்றால் மலர். மலரின் என்று சொல்ல உயிர் சேர்ந்ததும் 'ஃப்ளோரிஸ்' ஆகிவிடும். ஆனால் 'கவுஸ்ஸ' போன்ற சொல்லில் இரட்டை ஸ் இருந்ததால் தப்பித்தது, பின்னாளில் ஒற்றையாகிக் 'கவுஸ' ஆனபோது விதி ஓய்ந்துபோயிருந்தது. ஏழின் கதையே இன்னொரு மொழியில், இன்னோர் ஒலியில்.

இதெல்லாம் சோம்பேறித்தனம்தானே? ஒழுங்காகப் பேசினால் மாறாதே?

இல்லை. சோம்பல் என்றால் கண்ட இடத்தில் கண்டபடி தளர வேண்டும். 'சத' நலிந்தபோது நலிந்தது உயிர்களுக்கு நடுவே இருந்த த் மட்டும். 'தாமரை', 'தந்தை' என்பவற்றின் முதல் த்-தை நாம் வேகமாகப் பேசினாலும் விழுங்குவதில்லை. சொல்லின் முதலில் கேட்பவருக்குத் தகவல் அதிகம் தேவை, நடுவில் வருவதற்குள் சொல் பாதி புரிந்துவிடும். சேமிக்க முடிந்த இடத்தில்தான் வாய் சேமிக்கிறது.

அதோடு, நலிவை உண்டாக்கிய தலைமுறைக்கு அது நலிவாக இருக்கலாம், அடுத்த தலைமுறைக்கு அதுதான் சொல். 'சௌ' என்று சொல்லும் குழந்தை த்-தை விட்டுவிட்டுச் சொல்லவில்லை. அது கேட்ட சொல்லில் த் கிடையாது.

தமிழில் எழுத்து அப்படியே இருக்கிறதே, அப்படியானால் நம் சொற்கள் மாறவில்லையா?

எழுத்து இருக்கிறது, பேச்சு எப்போதோ போய்விட்டது. 'ன்று' என்பது 'ண்ணு' ஆனது: ஒண்ணு, கண்ணுக்குட்டி. 'ற்று' என்பது 'த்து' ஆனது: காத்து, நேத்து. 'அடித்து' 'அடிச்சு' ஆனதும் ஓரினமாதல்தான், முன்னால் இருக்கும் இகரம் நாக்கை மேல் அண்ணத்துக்கு இழுத்துத் த்-தைச் ச் ஆக்குகிறது. 'போகிறேன்' 'போறேன்' ஆனது நலிவு: உயிர்களுக்கு நடுவே நின்ற க் தன் உயிரோடு சேர்ந்து மறைந்துவிட்டது.

மலையாளத்தைப் பக்கத்தில் வைத்தால் இதே போக்குகள் எழுத்திலேயே ஏறியிருப்பதைப் பார்க்கலாம். 'வந்து' அங்கே 'வன்னு', 'மாங்காய்' 'மாங்ங', 'மஞ்சள்' 'மஞ்ஞள்'. மூக்கொலிக்குப் பின்னால் நின்ற வல்லொலி முழுவதுமாக மூக்கொலியாகிவிட்டது. நலிவும் அங்கே இருக்கிறது. நம் பேச்சில் 'மகன்' சில இடங்களில் 'மவன்' என்ற படியில் நிற்கிறது, மலையாளத்தில் அது 'மோன்' வரைக்கும் போய்விட்டது. மெய்யே மறைந்து, இரண்டு உயிர்களும் கூடி ஒரு நெடிலாகிவிட்டன.

எழுத்தும் பேச்சும் இப்படி விலகும்போது ஒரு பக்கவிளைவு வரும். 'கிணற்றில்' என்பது பேச்சில் 'கிணத்துல', 'சுவர்' என்பதையும் அதேபோலச் 'சுவத்துல' என்கிறோம். எழுத உட்காரும்போது 'பேச்சில் த்து என்றால் எழுத்தில் ற்று' என்ற கணக்கு மனதில் ஓடி, 'சுவற்றில்' என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் 'சுவரில்' என்பதுதான் இலக்கணப்படி சரி. இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிட்ட பின் அவற்றைத் திரும்பப் பிரிக்கப் பேச்சு உதவாது. இதுபோன்ற பிழைகள் மொழியியலாளர்களுக்குப் புதையல். பழைய ஏடுகளில் எழுதுபவர்கள் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தால், அந்த ஒலிகள் அதற்குள் பேச்சில் ஒன்றாகிவிட்டன என்று கண்டுகொள்ளலாம்.

தமிழ் 'பால்', கன்னட 'ஹாலு' இரண்டும் ஒரே சொல் என்கிறார்கள். ஒலி ஒத்திருப்பதை வைத்து எதையும் சொல்லலாமே?

ஒரே ஒரு ஜோடியை வைத்துச் சொன்னால் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் பல்லுக்கு ஹல்லு, பத்துக்கு ஹத்து, புலிக்கு ஹுலி, பூவுக்கு ஹூ என்று வரிசையாக வருகிறது. ஒத்திருப்பது சான்று இல்லை, ஒரே மாதிரி வேறுபட்டிருப்பதுதான் சான்று. உண்மையில் ஒலி அப்படியே ஒத்திருக்கும் சொல்லைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். கன்னடத்தில் 'புஸ்தக' என்பதன் ப் மாறாமல் இருக்கிறது என்றால் அது மாற்றம் ஓய்ந்த பிறகு வந்திருக்க வேண்டும், அல்லது சமஸ்கிருதம் படித்தவர்களின் எழுத்தும் உச்சரிப்பும் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இங்கேயும் இரட்டை மெய் பிழைத்திருப்பதைக் கவனியுங்கள். 'உப்பு' கன்னடத்திலும் 'உப்பு'தான், 'உஹ்ஹு' இல்லை.

திசையும் சந்தேகமில்லாதது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ப் இருக்கிறது. சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து ஹ் தலைகாட்டி, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெறுகிறது. ஆவணம் எதுவும் இல்லாமல் இருந்திருந்தாலும் ப்-தான் பழையது என்றே முடிவு செய்திருப்போம். ப் ஹ் ஆவது ஜப்பானிய மொழி வரலாற்றிலும் நடந்திருக்கிறது. அங்கே இடையில் உதட்டை ஒட்டாமல் ஊதும் ஒரு ஃப் இருந்தது. 'தந்தை'க்கு லத்தீனில் 'பாத்தெர்', ஆர்மீனியத்தில் 'ஹய்ர்', பழைய ஐரிஷில் முதல் மெய்யே இல்லாமல் 'அ'வில் தொடங்கும் ஒரு சொல். வெறும் மூச்சான ஹ் உதட்டை மூடி ப் ஆவதை இப்படி மொழி மொழியாகக் காட்ட முடியாது.

ஒரே சொல்லில் இரண்டு வகை மாற்றமும் சேர்ந்து விளையாடுவதைப் பார்க்க ஆசை இருந்தால் 'பாம்பு' போதும். தெலுங்கில் அது 'பாமு': ம்ப் என்ற கூட்டில் ப் மூக்கொலியோடு ஒன்றிக் கரைந்தது. பழைய கன்னடத்தில் 'பாவு': மூக்கொலி போய், மிஞ்சியது நலிந்து வ் ஆனது. அப்புறம் சொல் முதல் ப்-தும் தன் முறை வந்து ஹ் ஆக, இன்றைய 'ஹாவு'. ஒரு சொல்லில் இருந்த இரண்டு ப்-களும் போய்விட்டன, வேறு வேறு காலத்தில், வேறு வேறு வழியாக.

நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது இதைக் கவனிப்பார்களா? எவ்வளவு காலம் ஆகும்?

கன்னட ப்-இன் பயணத்துக்குச் சுமார் 400 ஆண்டுகள். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 16 தலைமுறை. எந்தத் தலைமுறையும் தன் பாட்டனுடன் பேச முடியாமல் போயிருக்காது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே ஊரில், பல நேரம் ஒரே ஆளின் வாயிலேயே சேர்ந்து இருக்கும். இடத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாற்றிப் பேசுவார்கள். தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது அந்த விகிதம்தான்.

ஸ்பானிஷ் மொழியில் இப்போதும் இதைக் கேட்கலாம். லத்தீனில் வன்மையாக இருந்த ஒரு த், ஸ்பானிஷில் அதிர்வு பெற்று, பின் நாக்கு ஒட்டாத உரசலாகத் தளர்ந்துவிட்டது. 'களைத்துப்போன' என்பதற்குக் 'கன்சாதோ' என்று எழுதுகிறார்கள், சாதாரணப் பேச்சில் பலர் 'கன்சாவ்' என்கிறார்கள். அதே ஆள் மேடையில் ஏறினால் த் திரும்பி வரும். நடு ஒலி இதேபோல் இருக்கும் அரிய சொற்களில் அது அவ்வளவு எளிதாக விழுவதில்லை. அடிக்கடி வாயில் புரளும் சொற்களும் விகுதிகளும்தான் நலிவில் முந்துகின்றன.

நடப்பில் பிடிக்க இன்னொரு வழி, ஒரே காலத்தில் முதியவர்களையும் இளையவர்களையும் ஒப்பிடுவது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. அவர் பார்த்தது மெய்களை அல்ல, சில கூட்டுயிர்களை. என்றாலும் முறை அதேதான். ஒலி மாறுவதில் வாய்க்கும் காதுக்கும் மட்டும் பங்கு இல்லை என்பதை அவர் காட்டினார்: தீவோடு ஒட்டுதல் அதிகம் உள்ளவர்களிடம் அந்த உச்சரிப்பும் அதிகமாக இருந்தது. மாற்றத்துக்கு விதை உடலில் இருக்கலாம், அது பரவுமா பரவாதா என்பதை மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

மிகப் பழைய காலத்திலேயே கவனித்தவர்களும் உண்டு. ரோமில் பப்பீரியஸ் குடும்பத்தார் முன்பு 'பப்பீசியஸ்' என்று அழைக்கப்பட்டார்கள் என்றும், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவர்தான் முதலில் அதை விட்டார் என்றும் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ ஒரு கடிதத்தில் எழுதுகிறார். மேலே சொன்ன லத்தீன் ஸ், ர் மாற்றம் எழுத்தில் ஏறிய காலத்துக்கு இது ஒரு தேதி. ஒலிமாற்றத்துக்கு இப்படித் தேதி கிடைப்பது அபூர்வம்.

விதி என்றால் விதிவிலக்கு ஏன் இவ்வளவு இருக்கிறது?

1870களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இளம் அறிஞர்கள் சிலர், ஒலிவிதிக்கு விலக்கே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் வேலை செய்வதற்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. விலக்கைக் கண்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகாமல் காரணம் தேட வைக்கும்.

பெரும்பாலும் இரண்டு காரணங்கள் கிடைக்கும். ஒன்று கடன். கன்னடத்தில் பறவைக்கு 'ஹக்கி' என்றும் 'பக்ஷி' என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் மூலம் ஒரே சமஸ்கிருதச் சொல். முதலாவது பிராகிருதம் வழியாக, ஓரினமாதலால் க்ஷ் இரட்டை க் ஆன பிறகு, 'பக்கி' என்று கன்னடத்துக்குள் வந்து, மற்ற ப்-களோடு சேர்ந்து ஹ் ஆனது. இரண்டாவது ஏட்டிலிருந்து நேராக எடுத்தது, எந்த மாற்றமும் அதைத் தொடவில்லை. 'பக்ஷி'யை விதிவிலக்கு என்று எண்ணினால் கணக்கு தவறும்.

இரண்டாவது காரணம் ஒப்புமை. லத்தீனில் மதிப்பு என்பதற்கு 'ஹொனோஸ்', வேற்றுமை உருபு ஏற்றால் 'ஹொனோரெம்'. உயிர்களுக்கு நடுவே வந்த ஸ் மட்டும் ர் ஆனது என்பதால் இது சரியான விளைவு. ஆனால் ஒரே சொல் ஸ் என்றும் ர் என்றும் இரண்டு முகம் காட்டுவது பேசுபவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். மற்ற வடிவங்களையெல்லாம் பார்த்துத் தனியாக நின்றதையும் 'ஹொனோர்' என்று ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடைசி ர்-ஐ எந்த ஒலிவிதியாலும் விளக்க முடியாது, ஏனென்றால் அது ஒலியால் வரவில்லை. 'ஃப்ளோஸ்' போன்ற சில சொற்கள் ஏனோ இந்தச் சீர்திருத்தத்துக்குள் வராமல் ஸ் உடனேயே இருந்துவிட்டன.

இப்படியே நலிந்துகொண்டு போனால் ஒரு நாள் சொற்களே மிஞ்சாதே?

சில சொற்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருக்கின்றன. 'அவுகுஸ்துஸ்' என்ற மாதப் பெயர் பிரெஞ்சில் வெறும் 'ஊ' அல்லது 'ஊத்' ஆகிவிட்டது. தேனீக்கான லத்தீன் 'ஆபிஸ்' தேய்ந்து ஒரே உயிரொலியாகும் நிலைக்கு வந்தது. அவ்வளவு சின்னச் சொல் பேச்சின் நடுவே காதில் நிற்காது. அதனால் 'சின்னத் தேனீ' என்று பொருள்படும் நீண்ட வடிவத்திலிருந்து வந்த 'அபேய்' அதன் இடத்தைப் பிடித்தது.

'இன்று' என்ற சொல்லுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'இந்த நாளில்' என்ற தொடர் ஒட்டி 'ஹொதியே' ஆனது. அது பிரெஞ்சில் 'உய்' என்று தேய்ந்தது. போதவில்லை என்று 'இன்று என்னும் நாளில்' எனப் பொருள்படும்படி நீட்டி 'ஓஜூர்துய்' என்றார்கள், இன்றைக்கு அதுதான் சாதாரணச் சொல். நலிவு ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் விகுதியும் கூட்டுச் சொல்லும் சேர்ந்து நீள்கிறது. ஓரினமாதலுக்கான புதிய மெய்க்கூட்டங்களும் இப்படிச் சொற்கள் ஒட்டும் இடத்தில்தான் பிறக்கின்றன.

அப்படியானால் அடுத்து எந்த ஒலி மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எந்த வழியில் போகக்கூடும் என்று சொல்லலாம், எப்போது போகும், போகுமா என்று சொல்ல முடியாது. வாழ்க்கையைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்லின் நடு த், ஸ்பானிஷில் தளர்ந்து நிற்கிறது, பிரெஞ்சில் முழுவதும் மறைந்து 'வீ' மட்டும் மிஞ்சியிருக்கிறது, பொது இத்தாலியனில் ஒற்றையாகவே இருந்தும் இன்னும் வன்மையாகத்தான் ஒலிக்கிறது. மூன்று மொழிகளுக்கும் தொடக்கம் ஒன்று, வாய் ஒன்று, காது ஒன்று.

அந்த இத்தாலியனிலேயே டஸ்கனி வட்டாரப் பேச்சுக்குப் போனால், வீட்டைக் குறிக்கும் 'காஸா' முன்னால் உயிரில் முடியும் சொல் வந்ததும் 'ஹாஸா' ஆகிவிடுகிறது. பொது இத்தாலியனுக்கு அடிப்படையே டஸ்கனிப் பேச்சுதான். என்றாலும் இந்த ஹ் பொது மொழிக்குள் ஏறவில்லை, அந்த வட்டாரத்தின் அடையாளமாகவே நின்றுவிட்டது.